வெண்துணியும் கருத்துநிலையும்: பாடசாலைச் சீருடை பற்றிய ஒரு பத்திரிகைக் கட்டுரையை வாசித்தல்

1

திறனாய்வு என்றதும் கவிதை, நாவல், சிறுகதை, நாடகம் ஆகியனவே நம் நினைவுக்கு வருகின்றன. நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் வாசிக்கும் பத்திரிகைக் கருத்துக் கட்டுரை திறனாய்வாளரின் கவனத்தைப் பெறுவது அரிது. அது காலையில் வாசிக்கப்பட்டு மாலையில் மறக்கப்படுவது என்பதே இதற்குக் கூறப்படும் காரணம். ஆயின் மறக்கப்படுவது கட்டுரையேயன்றி, அது வாசகர் மனத்தில் விட்டுச்செல்லும் எண்ணமன்று. எவர் எழுதினார் என்பது மறந்துபோன பின்னர் அவ்வெண்ணம் 'எல்லோருக்குந் தெரிந்த உண்மை' என்ற தோற்றத்தைப் பெறுகின்றது. ஒரு சமூகத்தின் கருத்துநிலை இவ்வாறே அன்றாட வழக்கில் நிலைகொள்கின்றது. எனவே, இத்தகைய எழுத்தை நுணுகி வாசித்தல் இலக்கிய மாணவனுக்குப் புறம்பான பணியன்று.

பாடசாலைச் சீருடை பற்றிய கட்டுரைகளை இதற்கு எடுத்துக்கொள்கின்றோம். இலங்கையில் கல்வியாண்டு தொடங்குங் காலங்களில் இப்பொருள் பற்றிப் பத்திரிகைகளில் எழுதப்படுதல் வழக்கமாகும். குறித்த ஓர் எழுத்தாளரைக் குற்றங்காணுதல் நம் நோக்கமன்று. ஆதலின், அத்தகைய கட்டுரைகளில் மீண்டும் மீண்டும் காணப்படும் போக்கைத் திரட்டி, மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்துக்கு ஏற்ப நாமே ஒரு மாதிரிப் பந்தியை அமைத்துக்கொண்டோம். அது வருமாறு:

"பாடசாலையில் ஒழுங்கு நிலவவேண்டுமெனின் சீருடை இன்றியமையாதது. சீருடை அணிந்த மாணவரிடையே ஏழை, பணக்காரர் என்ற வேறுபாடு மறைந்துவிடுகின்றது. ஆனால், அரசாங்கம் இலவசமாக வழங்குகின்ற சீருடையைக்கூட அணியாது வருகின்ற மாணவரை இன்று நாம் காண்கின்றோம். அண்மையிற் படுவான்கரைப் பாடசாலையொன்றுக்குச் சென்றபோது, பிள்ளைகள் பலர் நிற ஆடையுடனும் செருப்புடனும் நின்றமை வேதனை தந்தது. நமது பண்பாட்டையும் ஒழுக்கத்தையும் பேண விரும்பும் பெற்றோர் இதில் அசட்டையாக இருத்தல் கூடாது. சீருடை விதி கண்டிப்பாக நடைமுறைப்படுத்தப்படல் வேண்டும்."

ஆறு வாக்கியங்களே உள்ளன. நடை தெளிவானது, கடுஞ்சொல் ஒன்றேனும் இல்லை, சமத்துவம் என்னும் உயரிய இலட்சியமும் பேசப்படுகின்றது. இத்தகைய பந்தியில் ஆசிரியரின் நோக்கத்தையும் சார்பையும் எவ்வாறு இனங்காண்பது என்பதே நம் வினா. நோக்கம் என்பது வாசகரை அல்லது வேறெவரையேனும் எதனைச் செய்விக்கக் கட்டுரை முயல்கின்றது என்பது. சார்பு என்பது அந்த நோக்கத்துக்கு எந்தச் சமூக நிலையில் நின்று நியாயம் தேடப்படுகின்றது என்பது. இரண்டும் நெருங்கிய தொடர்புடையன, ஆயின் ஒன்றல்ல. இரண்டையும் எழுதியவரின் உள்ளத்தில் தேடவேண்டியதில்லை. எழுத்திலேயே அவற்றுக்குச் சான்று உண்டு.

2

நோக்கத்தை அறியக் கட்டுரையின் இறுதியிலிருந்து தொடங்குதல் நலம். தொடக்கத்தில் ஆசிரியர் தம் நோக்கமெனக் கூறுவதும் இறுதியில் அவர் வேண்டுவதும் பெரும்பாலும் வேறுபடும். நமது பந்தி சமத்துவத்தை முன்வைத்துத் தொடங்குகின்றது. இறுதியில் அது வேண்டுவன இரண்டு: பெற்றோர் அசட்டையாக இருத்தல் கூடாது, விதி கண்டிப்பாக நடைமுறைப்படுத்தப்படல் வேண்டும். சமத்துவத்தை நிலைநாட்டுதற்கு அரசாங்கம் யாது செய்யவேண்டும் என்ற வினா எவ்விடத்தும் எழவில்லை. கடமை பெற்றோருக்கு, அதிகாரம் விதிக்கு. இதுவே கட்டுரையின் மெய்யான நோக்கம்.

ஆறாம் வாக்கியத்தின் இலக்கணத்தைக் கவனித்தல் வேண்டும். 'நடைமுறைப்படுத்தப்படல் வேண்டும்' என்பது செயப்பாட்டுவினை. நடைமுறைப்படுத்துபவர் யார் என்பது அதில் இல்லை. செய்வினையாக மாற்றினால் அந்த இடத்தை நிரப்பவேண்டி வரும்: 'அதிபரும் ஆசிரியரும் சீருடை விதியைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தவேண்டும்.' அவ்வாறு நிரப்பியதும் அடுத்த வினா தானே எழும்: எவ்வாறு? சீருடையின்றி வந்த பிள்ளையை வாசலில் நிறுத்தியா, வீட்டுக்குத் திருப்பியனுப்பியா? திருப்பியனுப்பப்படும் பிள்ளை இழப்பது அன்றைய பாடத்தை. சமத்துவத்தின் பெயரால் தொடங்கிய வாதம், ஏழைப் பிள்ளையின் கல்வியைக் குறைப்பதில் முடிகின்றது. செயப்பாட்டுவினை இந்த முடிவை வாசகர் கண்ணிலிருந்து மறைத்தது. செயப்பாட்டுவினை யாவும் சூழ்ச்சியென நாம் கூறவில்லை. ஆய்வெழுத்திலும் சட்டத்திலும் அதற்கு இடமுண்டு. ஒரு கருத்துக் கட்டுரை தன் தீர்வைக் கூறுமிடத்தில் மட்டும் எழுவாயை மறைக்குமாயின், அங்கு நின்று வினவுதல் தகும்.

ஐந்தாம் வாக்கியத்துக்கு வேறொரு சோதனை உண்டு. எழுவாயை மாற்றிப் பொருத்திப் பார்க்கலாம்: 'கல்வியையும் சமத்துவத்தையும் பேண விரும்பும் அரசாங்கம் இதில் அசட்டையாக இருத்தல் கூடாது.' வாக்கியம் எவ்விதத்திலும் சிதையவில்லை, அரசியல் தலைகீழாகின்றது. இவ்வாறு மாற்றக்கூடிய இடத்தில் ஆசிரியர் ஒரு தெரிவைச் செய்துள்ளார் என்பதே இதன் பொருள். அத்தெரிவு சார்பைக் காட்டும் முதற் சான்று.

3

சார்பு மிக ஆழமாகப் பதிந்திருப்பது மூன்றாம் வாக்கியத்திலாகும்: 'அரசாங்கம் இலவசமாக வழங்குகின்ற சீருடையைக்கூட அணியாது வருகின்ற மாணவர்.' தமிழிற் பெயரெச்சத்துக்கு ஓர் ஆற்றல் உண்டு. முற்றுவினையாகக் கூறப்படும் ஒன்றை வாசகர் ஏற்கலாம், மறுக்கலாம். பெயரெச்சமாகக் கூறப்படுவதோ ஏற்கெனவே முடிந்த விடயமாகத் தோன்றும். 'அரசாங்கம் சீருடை வழங்குகின்றது' என்று எழுதியிருந்தால், 'உண்மைதானா?' என வாசகர் வினவியிருப்பார். 'வழங்குகின்ற சீருடை' என்றதும் வினாவுக்கு இடமில்லாது போகின்றது. வாசகரின் மனம் முற்றுவினையை நோக்கி ஓடிவிடுகின்றது.

உண்மை நிலை யாது? இலங்கையில் 1945 இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1980 முதல் பாடநூல்கள் இலவசமாக வழங்கப்பட்டன. 1993 முதல் வழங்கப்பட்டு வருவது சீருடைத் துணியாகும். இடையிற் சில காலம் துணிக்குப் பதிலாக வவுச்சர் வழங்கப்பட்டது. பொருளாதார நெருக்கடியின் பின்னர், 2023 ஆம் ஆண்டுக்கான துணியின் பெரும்பகுதி சீன அரசின் நன்கொடையாக வந்தது. எந்த வடிவிலும் பிள்ளையின் கைக்கு வந்தது சீருடையன்று. சீருடைக்கான துணி அல்லது அதனை வாங்குதற்கான சீட்டு. துணிக்கும் உடைக்கும் இடையில் தையற்காரர் இருக்கின்றார். தையற்கூலி குடும்பத்தினுடையது. ஒரு சோடி உடையை வாரம் முழுவதும் அணிய இயலாது. இரண்டாவது சோடியின் செலவும் குடும்பத்தினுடையது. வெண்ணிற உடைக்கு வேண்டிய சவர்க்காரமும் நீலமும், அதனைத் தோய்க்கும் தாயின் உழைப்பும் எக்கணக்கிலும் சேர்வதில்லை. 'வழங்குகின்ற சீருடை' என்னும் இரு சொற்கள் இவ்வளவையும் விழுங்கிவிட்டன.

இனி, 'கூட' என்னும் இடைச்சொல். 'சீருடையை அணியாது' என்பதற்கும் 'சீருடையைக்கூட அணியாது' என்பதற்கும் தகவலில் வேறுபாடில்லை, மனப்பான்மையிலேயே வேறுபாடு. கொடுத்ததைப் பயன்படுத்தவும் தகுதியற்றோர் என்ற ஏளனம் அந்த ஒரு சொல்லில் அடங்கியுள்ளது. கட்டுரையாளரிடம் கேட்டால், தாம் ஏழைகளை இகழவில்லை என்று அவர் மனமார உரைக்கக்கூடும். அவர் பொய்யுரைக்கவில்லை. சார்பு பெரும்பாலும் எழுதுபவரின் அறிவுக்கு எட்டாத நிலையிலேயே தொழிற்படுகின்றது. 'கூட', 'தானே', 'ஆவது' போன்ற சிறு சொற்கள் எழுதுபவரின் காவலைத் தாண்டி வருவன. கருத்துக் கட்டுரையை வாசிப்போர் பெரிய சொற்களைவிட இவற்றையே முதலிற் குறித்துக்கொள்ளுதல் பயனுடையது.

4

நான்காம் வாக்கியம் கட்டுரையின் ஒரேயொரு சான்று. 'படுவான்கரைப் பாடசாலையொன்றுக்குச் சென்றபோது' என்பதில் 'சென்றபோது' என்ற சொல்லே எழுதுபவர் நிற்கும் இடத்தைக் காட்டிவிடுகின்றது. வாவியின் மேற்குப் புறம் படுவான்கரை. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட கிழக்குப் புறம் எழுவான்கரை. நகரமும் பழைய பெரும் பாடசாலைகளும் புளியந்தீவையும் எழுவான்கரையையும் சார்ந்து வளர்ந்தவை. படுவான்கரை நெல்வயல்களின் நிலம். மண்முனைப் பாலம் 2014 இல் திறக்கப்படும்வரை அத்துறையில் வாவியைக் கடந்தோர் படகுப் பாதையையே நம்பியிருந்தனர். கட்டுரையாளர் அக்கரைக்குச் சென்று, கண்டு, வேதனையுற்றுத் திரும்பியவர். அவ்வேதனை உண்மையானதாக இருக்கலாம். ஆயின் பிள்ளைகள் நிற ஆடையுடன் நின்றதன் காரணத்தை அவர் எவரிடமும் வினவியதற்குக் கட்டுரையிற் சான்றில்லை. பேசுபவர் அவர் ஒருவரே. பிள்ளையும் தாயும் ஆசிரியரும் காட்சிப் பொருள்களாகவே நிற்கின்றனர். ஒரு கட்டுரையில் எவர் பேசுகின்றனர், எவர் பார்க்கப்படுகின்றனர் என்று எண்ணிப் பார்த்தால் அதன் சார்பு எப்பக்கம் என்பது பெரும்பாலும் புலப்பட்டுவிடும்.

வினவியிருந்தால் என்ன விடை கிடைத்திருக்கும்? பிரதேசத்தின் பொருளாதாரத்தையும் பருவத்தையும் அறிந்தோர் அதனை ஊகித்தல் அரிதன்று. வழமையான கல்வியாண்டு தை மாதத்தில் தொடங்குகின்றது. மழையை நம்பிய பெரும்போக வேளாண்மை ஐப்பசி, கார்த்திகையில் விதைக்கப்பட்டுத் தை பிற்பகுதி தொடக்கம் பங்குனிவரை அறுவடையாகின்றது. எனவே, புதிய சீருடை தைக்கவேண்டிய நாட்களே வயற்கூலிக் குடும்பத்தின் கையில் காசு மிகக் குறைந்த நாட்களாகும். விதைப்புக் கூலி செலவாகிவிட்டது, அறுவடைக் கூலி இன்னும் வரவில்லை. அதே நாட்களில் வடகீழ்ப் பருவமழை இப்பிரதேசத்தை நனைக்கின்றது. தாழ்நிலங்களில் வெள்ளம் நிற்கின்றது. ஒரே சோடி வெண்ணிற உடை மாலையில் தோய்க்கப்பட்டால் காலையில் உலர்வதில்லை. பிள்ளை நிற ஆடையுடன் வருதல் அசட்டையால் அன்று, உலராத துணியால். சேற்றுப் பாதையிற் செருப்பே உகந்த பாதணி.

இவ்விளக்கம் எல்லாப் பாடசாலைகளுக்கும் எல்லா நாட்களுக்கும் பொருந்துமென நாம் வாதிடவில்லை. அசட்டையான பெற்றோரும் இருத்தல் கூடும். ஒரு காட்சிக்கு இரு விளக்கங்கள் இயலுமாக இருக்க, ஒன்றை மட்டும் கூறி மற்றையதைக் குறிப்பிடாது விடுவதையே நாம் சுட்டுகின்றோம். கட்டுரையாளர் சென்றது எந்த மாதத்தில், அன்று மழை பெய்ததா, எத்தனை பிள்ளைகளுள் எத்தனை பேர் நிற ஆடையுடன் நின்றனர் என்ற விபரங்கள் இல்லை. 'பலர்' என்ற சொல் எண்ணிக்கையின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. எண்ணப்படாத 'பலர்' எந்த முடிவையும் தாங்கமாட்டார்.

இரண்டாம், நான்காம் வாக்கியங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் மற்றொரு முரண்பாடு வெளிப்படும். சீருடையால் வேறுபாடு 'மறைந்துவிடுகின்றது' என்கிறது இரண்டாம் வாக்கியம். மறைதல் வேறு, நீங்குதல் வேறு. அணியாத பிள்ளையைக் கண்டு கட்டுரையாளர் வருந்துகின்றார். அவர் வருந்துவது வறுமைக்காகவா, அது மறையாது வெளியே தெரிந்தமைக்காகவா? வறுமைக்காக எனின், ஐந்தாம் வாக்கியம் கூலியையோ தையற்செலவையோ பற்றிப் பேசியிருக்கும். அது பெற்றோரின் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுகின்றது. எனவே, அவரை உறுத்தியது வறுமையின் தோற்றமே என முடிவுசெய்ய எழுத்திலேயே ஆதாரம் உண்டு.

5

முதலாம் வாக்கியத்தில் 'ஒழுங்கு' என்றிருந்தது ஐந்தாம் வாக்கியத்தில் 'ஒழுக்கம்' ஆகின்றது. ஒரே அடியிற் பிறந்த சொற்களாயினும் இன்றைய வழக்கில் இவை ஒன்றல்ல. ஒழுங்கு என்பது வரிசையும் அமைப்பும். ஒழுக்கம் என்பது அறநடத்தை. உடை ஒழுங்கற்றிருப்பது நிரூபிக்கக்கூடிய விடயம்; ஒழுக்கமற்றிருப்பது அவ்வாறன்று. ஒலியொற்றுமையைப் பற்றிக்கொண்டு முன்னதிலிருந்து பின்னதற்குத் தாவும்போது, மடிப்பற்ற சட்டை குணக்கேடாக உருமாறுகின்றது. ஒரு கட்டுரையின் தொடக்கத்திலும் இறுதியிலும் வரும் முதன்மைச் சொற்களை நிரைப்படுத்திப் பார்த்தால் இத்தகைய வழுக்கலை எளிதிற் காணலாம்.

'நமது பண்பாடு' என்ற தொடரும் கவனத்துக்குரியது. 'நாம்' முன்னிலையாரையும் உட்படுத்தும். 'நாங்கள்' அவரை விலக்கும். கருத்துக் கட்டுரையாளர் 'நாம்' என்று எழுதும்போது, வாசகர் தம்மை அறியாமலே அவர் பக்கம் சேர்க்கப்படுகின்றார். மூன்றாம் வாக்கியத்தின் 'நாம் காண்கின்றோம்' என்பதிற் காண்போர் யார்? நிற ஆடையுடன் நிற்கும் பிள்ளையின் தாய் அந்த 'நாம்' என்பதில் அடங்குவாளா? அவள் காணப்படுபவளே. இக்கட்டுரையிலும் நாம் 'நாம்' என்றே எழுதுகின்றோம். அது ஆய்வுலக வழக்கு. ஆயினும் வாசகர் எம்மையும் இதே உரைகல்லில் உரைத்துப் பார்த்தல் வேண்டும்.

மட்டக்களப்புப் பிரதேசத்தில் இவ்வினாவுக்கு மேலும் ஒரு கூர்மை உண்டு. தமிழ்க் கிராமங்களும் முஸ்லிம் கிராமங்களும் அடுத்தடுத்து அமைந்த நிலம் இது. முஸ்லிம் மாணவியரின் சீருடை நீண்ட மேலாடையும் காற்சட்டையும் தலைமறைப்புங் கொண்டதாக அமைகின்றது. 'சீர்' உடை எனினும் அது ஒரே உடை அன்று. இந்நிலையில் 'நமது பண்பாடு' என எழுதுபவர் எவரை உள்ளே வைக்கின்றார், எவரை வெளியே நிறுத்துகின்றார் என்பது வெறும் சொல்லாராய்ச்சியன்று. 2018 ஏப்ரலில் திருகோணமலை ஸ்ரீ சண்முகா இந்து மகளிர் கல்லூரியில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வருவதற்கு எதிர்ப்பு எழுந்தது. அது ஆசிரியையரின் உடை பற்றிய பிணக்கு. மாணவர் சீருடை பற்றியதன்று. எனினும் பாடசாலை உடை பற்றிய பேச்சில் 'பண்பாடு' என்ற சொல் எத்துணை விரைவில் இரு சமூகங்களுக்கிடையிலான எல்லைக்கோடாக மாறக்கூடும் என்பதை அது காட்டிற்று. ஒரே வயல்நிலத்தில் கூலி செய்யும் இரு தாய்மார் எதிர்நோக்கும் தையற்கூலிப் பிரச்சினை ஒன்றே. 'பண்பாடு' என்ற சொல் முன்வந்ததும் அப்பொதுமை பின்தள்ளப்படுகின்றது.

6

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. ஆசிரியரின் வர்க்கச் சார்பை இனங்கண்டவுடன் அவரது வாதம் பொய்யென நிறுவப்பட்டுவிட்டதாகக் கருதுவோர் உளர். இது கொச்சை மார்க்சியம். சார்பு ஒரு கூற்று எங்கிருந்து எழுகின்றது என்பதை விளக்கும். அது உண்மையா என்பதைத் தனியே சோதித்தல் வேண்டும். சீருடை வேறுபாட்டின் தோற்றத்தைக் குறைக்கின்றது என்ற கூற்றில் உண்மை உண்டு. சீருடையே இல்லாதவிடத்து வாரத்தின் ஐந்து நாட்களுக்கும் வெவ்வேறு ஆடை வேண்டும். வசதியுள்ள பிள்ளைக்கும் வசதியற்ற பிள்ளைக்கும் இடையிலான இடைவெளி நாளுக்கு நாள் அங்கியிலேயே எழுதப்படும். ஆயினும் அவ்வுண்மைக்கு எல்லையும் உண்டு. மஞ்சளித்த வெள்ளைக்கும் புதிய வெள்ளைக்கும் உள்ள வேறுபாட்டை வகுப்பிலுள்ள எந்தப் பிள்ளையும் அறியும்.

இதனாலேயே எதிர்த்தரப்புக் கட்டுரையையும் இதே முறையில் வாசித்தல் வேண்டும். 'சீருடை பிள்ளையின் தனித்துவத்தைச் சிதைக்கின்றது. விரும்பிய ஆடையை அணியும் சுதந்திரம் வேண்டும்' என எழுதப்படும் கட்டுரை முற்போக்கானதாகத் தோன்றும். அங்கும் பெயரெச்சத்தைத் தேடுவோம்: 'விரும்பிய ஆடை' என்பது தெரிவுசெய்யப் பல ஆடைகள் உள்ள பிள்ளையை முற்கூட்டியே கற்பித்துக்கொள்கின்றது. ஒரேயொரு நல்ல ஆடையுள்ள பிள்ளைக்கு அச்சுதந்திரம் வெறுஞ்சொல். கண்டிப்பை வேண்டும் கட்டுரையும் சுதந்திரத்தை வேண்டும் கட்டுரையும் எதிரெதிரானவை எனினும், துணிக்கு யார் பணம் கொடுப்பது என்ற வினாவைத் தவிர்ப்பதில் அவை உடன்பட்டு நிற்றல் கூடும். இரு தரப்பும் சேர்ந்து மௌனம் சாதிக்கும் இடமே ஒரு விவாதத்தின் கருத்துநிலை எல்லையாகும்.

நமது மாதிரிப் பந்தியின் மூன்றாம் வாக்கியத்தைப் பெயரெச்சமின்றியும் 'கூட' இன்றியும் எழுதினால் இவ்வாறு அமையும்: 'அரசாங்கம் ஒரு சோடி உடைக்கான துணியை வழங்குகின்றது. தையற்கூலியையும் இரண்டாவது சோடியின் செலவையும் குடும்பம் ஏற்கின்றது. அறுவடைக்கு முந்திய மழைமாதத்தில் இச்செலவை ஏற்க இயலாத குடும்பங்களின் பிள்ளைகள் சிலநாட்களில் நிற ஆடையுடன் வருகின்றனர்.' இவ்வாக்கியங்களின் பின்னால், 'பெற்றோர் அசட்டையாக இருத்தல் கூடாது' என்ற ஐந்தாம் வாக்கியத்தைத் தொடர்ந்து எழுத இயலுமா என்று பாருங்கள். இயலாது. பின்வருதல் தகுவது, தையற்கூலியையும் இரண்டாவது சோடியையும் யார் ஏற்பது, மழைக்காலத்தில் நிற ஆடையை அனுமதிப்பதா என்ற வினாக்களே. இலக்கணம் மாறியதும் கோரிக்கை முகவரி மாறிவிடுகின்றது. தாயை நோக்கிச் சென்ற விரல் திறைசேரியையும் பாடசாலை நிர்வாகத்தையும் நோக்கித் திரும்புகின்றது. கட்டுரையின் நோக்கத்தையும் சார்பையும் இனங்காண்பதன் பயன் இதுவே.